கூம்பு, அரைக்கோளம், உருளை: ஆரமும் உயரமும் சமமானால் கனஅளவுகள் 1 : 2 : 3 ஆவதைப் படிப்படியாக நிறுவுதல்

ஒரே ஆரமும் ஒரே உயரமும் கொண்ட கூம்பு, அரைக்கோளம், உருளை ஆகியவற்றின் கனஅளவுகள் என்ன விகிதத்தில் இருக்கும் என்ற கேள்விக்கு விடை 1 : 2 : 3. விடை பலருக்கும் தெரியும். ஆனால் அதை வரிவரியாக எழுதிக் காட்டச் சொன்னால், சூத்திரங்களைச் சரியாக நினைவில் வைத்திருப்பவர்கள்கூட நடுவில் நின்றுவிடுகிறார்கள். இந்தக் கணக்கைக் கற்பித்த ஒவ்வொரு முறையும் நான் கண்டது, சிக்கல் சூத்திரத்தில் இருப்பதைவிட வரிசையில்தான் அதிகம் இருக்கிறது என்பதே. முதலில் எழுத வேண்டிய ஒரு வரியை எழுதாமல் விடுவதால்தான் பின்னால் வரும் வரிகள் குழம்புகின்றன. ஆகவே இங்கே படிகளை அவை வரவேண்டிய ஒழுங்கிலேயே தருகிறேன்.

## 1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

மூன்று சூத்திரங்கள் தேவை. ஆரத்தை r என்றும், செங்குத்து உயரத்தை h என்றும் கொண்டால் அவை இவ்வாறு அமையும்.

```
கூம்பு       = (1/3) π r² h
அரைக்கோளம்  = (2/3) π r³
உருளை       = π r² h
```

இவற்றை எழுதியதும் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். கூம்பிலும் உருளையிலும் r, h என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. அரைக்கோளத்தில் r மட்டுமே இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிப்பதுதான் கணக்கின் பாதி வேலை. அரைக்கோளத்தின் சூத்திரத்தில் h ஏன் இல்லை என்ற கேள்வி மனத்தில் எழுந்தால், அடுத்த படி தானாகவே புரிந்துவிடும்.

கூம்பின் சாயுயரம் இந்தக் கணக்கில் எங்குமே வராது. உயரம் என்பது உச்சியிலிருந்து அடிவட்டத்தின் மையத்துக்கு நேராக இறங்கும் கோட்டின் நீளம். பக்கவாட்டில் சரிந்து இறங்கும் கோட்டின் நீளம் அன்று. படம் வரைந்தால் h என்ற எழுத்தைக் கூம்புக்குள் இருக்கும் செங்குத்துக் கோட்டின் அருகில் எழுதுவது நல்லது. சரிவான விளிம்பின் அருகில் எழுதியவர்கள் சிறிது நேரத்தில் அதையே உயரமாக எடுத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

## 2. முதல் வரி: உயரமும் ஆரமும் ஒன்றே என்று எழுதுதல்

கேள்வியில் “சம ஆரமும் சம உயரமும்” என்றிருப்பதைப் படித்தவுடன், மூன்று வடிவங்களுக்கும் ஆரம் r, உயரம் h என்று எழுதிவிட்டு நேராகச் சூத்திரத்துக்குள் நுழைந்துவிடக் கூடாது. அந்தச் சொற்றொடருக்குள் சொல்லப்படாத ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. அரைக்கோளத்தைத் தட்டையான முகம் கீழே இருக்கும்படி வைத்தால், அதன் மிக உயரமான புள்ளி அடிவட்டத்தின் மையத்துக்கு நேர் மேலே இருக்கும். அந்தப் புள்ளியும் கோளப் பரப்பின் மீதுதான் இருக்கிறது. ஆகவே மையத்திலிருந்து அதற்கு உள்ள தொலைவும் ஆரமே. அதாவது அரைக்கோளத்தின் உயரத்தை நாம் விரும்பியபடி தேர்ந்தெடுக்க முடியாது. அது எப்போதும் ஆரத்துக்குச் சமம்.

மூன்றின் உயரமும் சமம் என்று கேள்வி சொல்வதால், கூம்பின் உயரமும் உருளையின் உயரமும்கூட அதே r ஆகிவிடுகின்றன. இதைத் தனி வரியாகவே எழுத வேண்டும்:

```
அரைக்கோளத்தின் உயரம் = r
உயரங்கள் சமம், எனவே h = r
```

இந்த வரி இல்லாமல் முன்னேறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். மூன்று கனஅளவுகளையும் πr² ஆல் வகுத்து, 3 ஆல் பெருக்கினால், h : 2r : 3h என்று வந்து நிற்கும். இது தவறான விகிதம் அன்று. உயரத்தையும் ஆரத்தையும் தொடர்புபடுத்தாத நிலையில் கிடைக்கும் பொது விகிதம். இதற்கு மேல் சுருக்க வழியில்லாமல் திகைப்பவர்கள், r-ஐயும் h-ஐயும் காரணம் கூறாமல் அடித்துவிட்டு 1 : 2 : 3 என்று எழுதுகிறார்கள். விடை சரியாக இருந்தாலும் நிறுவல் உடைந்துவிட்டது.

## 3. மூன்று கனஅளவுகளையும் ஒரே எழுத்தில் எழுதுதல்

இப்போது h இருந்த இடங்களிலெல்லாம் r-ஐப் பதிலிட வேண்டும். கூம்பில் r² h என்பது r² × r, அதாவது r³ ஆகிறது. உருளையிலும் அவ்வாறே. அரைக்கோளம் ஏற்கெனவே r³ வடிவில் இருப்பதால் அதைத் தொட வேண்டியதில்லை.

```
கூம்பு       = (1/3) π r³
அரைக்கோளம்  = (2/3) π r³
உருளை       = π r³
```

மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, πr³ ஒரே நேர்கோட்டில் வருமாறு எழுதினால், மாறுவது முன்னால் இருக்கும் எண் மட்டுமே என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். பக்கவாட்டில் ஒரே வரியாக நீட்டி எழுதுபவர்களுக்குத்தான் அடுக்குகள் கலந்துவிடுகின்றன.

## 4. விகிதமாக்குதல்

πr³ மூன்றுக்கும் பொதுக் காரணி. ஆரம் சுழியாக இருக்க முடியாது என்பதால் அதால் வகுக்கலாம். மிஞ்சுவது 1/3 : 2/3 : 1. பின்னங்களோடு விகிதத்தை விட்டுவிடாமல் மூன்று உறுப்புகளையும் 3 ஆல் பெருக்கினால் 1 : 2 : 3 கிடைக்கிறது.

இங்கே நேரும் ஒரே பிழை, பின்னமாக இருக்கும் முதல் இரண்டை மட்டும் 3 ஆல் பெருக்கி, கடைசி 1-ஐ அப்படியே விட்டுவிடுவது. அப்போது 1 : 2 : 1 வரும். அதன்படி உருளையும் கூம்பும் சமம் என்றாகிவிடும். கூம்பு உருளைக்குள் முழுமையாக அடங்கி, சுற்றிலும் இடமும் மிச்சம் விடும் வடிவம் என்பதை நினைத்துப் பார்த்தாலே இந்த விடை நில்லாது.

கேள்வி எந்த வரிசையில் கேட்டதோ அதே வரிசையில் விடையை எழுத வேண்டும். உருளை, கூம்பு, அரைக்கோளம் என்று கேட்டிருந்தால் விடை 3 : 1 : 2.

## 5. எண்களை இட்டுச் சரிபார்த்தல்

எழுத்துகளில் பெற்ற விடையை ஒரு முறையாவது எண்களில் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. ஆரமும் உயரமும் 7 செ.மீ. என்றும், π-இன் தோராய மதிப்பு 22/7 என்றும் கொள்வோம். 7 × 7 × 7 = 343; அதை 22/7 ஆல் பெருக்கினால் 1078. ஆகவே உருளையின் கனஅளவு 1078 கன செ.மீ.

கூம்பு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 359.33 கன செ.மீ. அரைக்கோளம் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 718.67 கன செ.மீ. இரண்டையும் கூட்டினால் மீண்டும் 1078 வருகிறது. இந்தக் கூட்டலைக் கட்டாயம் செய்து பாருங்கள். கூம்பும் அரைக்கோளமும் சேர்ந்து உருளைக்குச் சமமாவது ஏன் என்பது ஏழாம் படியில் தெளிவாகும்.

## 6. தவறான விடையைப் பார்த்தே தவறைக் கண்டுபிடித்தல்

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த அம்சம், ஒவ்வொரு தவறும் தனக்கே உரிய ஒரு விடையை விட்டுச் செல்வதுதான். விடையைப் பார்த்தவுடன் எந்தப் படியில் வழி மாறியது என்று சொல்லிவிடலாம்.

விடை √2 : 2 : 3 என்று வந்திருந்தால், கூம்பின் உயரத்துக்குப் பதிலாகச் சாயுயரம் புகுந்துவிட்டது. ஆரமும் உயரமும் r எனில், பிதாகரஸ் தேற்றத்தின்படி சாயுயரம் r√2. அதனால்தான் விகிதத்தில் √2 தலைகாட்டுகிறது.

விடை 1 : 4 : 3 எனில், அரைக்கோளத்துக்கு முழுக்கோளத்தின் சூத்திரமான (4/3)πr³ போடப்பட்டிருக்கிறது. இந்த விடையைக் கணக்கிடாமலே நிராகரிக்கலாம். அதே ஆரமும் உயரமும் கொண்ட உருளைக்குள் அரைக்கோளம் முழுவதும் அடங்கும். அடங்கும் பொருள் அடக்கும் பொருளைவிடப் பெரிதாக இருக்க வழியில்லை.

விடை 1 : 1 : 3 எனில், உயரமாக விட்டம் எடுக்கப்பட்டிருக்கிறது. கூம்புக்கும் உருளைக்கும் h = 2r என்று போட்டு, அரைக்கோளத்தை மட்டும் அப்படியே விட்டால் 2/3 : 2/3 : 2 வரும். முழுக்கோளத்தின் உயரம் விட்டத்துக்குச் சமம் என்பதை எங்கோ படித்த நினைவு இங்கே தவறான இடத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

விடை 3 : 2 : 3 எனில், கூம்பின் சூத்திரத்தில் 1/3 விடுபட்டுவிட்டது. விகிதத்துக்குள் r நீங்காமல், r : 6 : 3r என்பதுபோல நின்றால், அரைக்கோளத்தின் கனஅளவுக்குப் பதிலாக அதன் வளைபரப்பான 2πr² எழுதப்பட்டிருக்கிறது. பரப்பில் r இருமுறையும் கனஅளவில் மும்முறையும் வருவதால் அவற்றை ஒன்றோடொன்று சுருக்க முடியாது. சுருங்க மறுப்பதே எச்சரிக்கை.

இவற்றையெல்லாம்விட ஏமாற்றக்கூடியது ஒன்று உண்டு. விட்டத்தை உயரமாகக் கொண்டு, அதோடு அரைக்கோளத்துக்கு முழுக்கோளச் சூத்திரத்தையும் போட்டுவிட்டால், 2/3 : 4/3 : 2 என்று வந்து, சுருக்கினால் 1 : 2 : 3 ஆகிவிடுகிறது! இரண்டு தவறுகள் சேர்ந்து சரியான விடையைக் கொடுப்பதால், விடையை மட்டும் பார்த்துத் திருத்துபவர் இதைத் தவறவிடுவார். உண்மையில் அது வேறொரு கேள்விக்கான சரியான விடை: கோளமும், அதே ஆரமும் கோளத்தின் விட்டத்துக்குச் சமமான உயரமும் கொண்ட கூம்பும் உருளையும் கூம்பு, கோளம், உருளை என்ற வரிசையில் 1 : 2 : 3 என்றே இருக்கும். நம் படத்தை அப்படியே இரட்டித்தால் என்ன கிடைக்கும் என்று யோசித்தால் இது வியப்பாகத் தோன்றாது.

## 7. ஏன் இந்த விகிதம்: ஒரே மட்டத்தில் வெட்டிப் பார்த்தல்

இதுவரை சூத்திரங்களை நம்பி வந்தோம். அவற்றுள் அரைக்கோளத்தின் சூத்திரம் பெரும்பாலும் காரணம் சொல்லப்படாமலே மனப்பாடம் செய்யப்படுவது. கூம்பு மூன்றில் ஒரு பங்கு என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டால், அரைக்கோளம் மூன்றில் இரண்டு பங்கு என்பதை நாமே நிறுவிவிடலாம். அதற்கு மூன்று வடிவங்களையும் ஒரே மேசையில் வரிசையாக நிறுத்தி, மேசைக்கு இணையாக ஒரே மட்டத்தில் வெட்டிப் பார்க்க வேண்டும்.

வைக்கும் விதம் இங்கே முக்கியம். அரைக்கோளத்தைத் தட்டையான முகம் கீழே இருக்குமாறு கவிழ்த்து வைக்கவேண்டும். கூம்பை மட்டும் உச்சி கீழே, வட்ட முகம் மேலே இருக்குமாறு தலைகீழாக நிறுத்தவேண்டும். உருளை எப்படி நின்றாலும் ஒன்றுதான்.

மேசையிலிருந்து y உயரத்தில் வெட்டுகிறோம். தலைகீழாக நிற்கும் கூம்பு, உச்சியில் ஆரம் சுழியாகத் தொடங்கி, r உயரத்தில் ஆரம் r ஆக விரிகிறது. உயரமும் ஆரமும் சமம் என்பதால் அது ஒவ்வொரு அலகு ஏறும்போதும் ஓர் அலகு விரியும். ஆகவே y உயரத்தில் வெட்டுமுகத்தின் ஆரம் y-ஆகவே இருக்கும். அந்த வட்டத்தின் பரப்பு πy².

அரைக்கோளத்தில் y உயரத்தில் கிடைக்கும் வட்டத்தின் ஆரத்தை s என்போம். அடிமையத்திலிருந்து நேராக மேலே y தொலைவு சென்று, அங்கிருந்து பக்கவாட்டில் s தொலைவு சென்றால் கோளப் பரப்பைத் தொடுகிறோம். மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு உள்ள நேர்த்தொலைவு r. ஆகவே செங்கோண முக்கோணத்தில் y² + s² = r². இதிலிருந்து s² = r² − y²; வட்டத்தின் பரப்பு π(r² − y²). உருளையின் வெட்டுமுகம் எந்த மட்டத்திலும் πr² தான்.

முதல் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்:

```
πy² + π(r² − y²) = πr²
```

y நீங்கிவிட்டது. அதாவது எந்த மட்டத்தில் வெட்டினாலும் கூம்பின் வெட்டுமுகமும் அரைக்கோளத்தின் வெட்டுமுகமும் சேர்ந்து உருளையின் வெட்டுமுகத்துக்குச் சமம். ஒவ்வொரு மெல்லிய அடுக்கிலும் இது உண்மை என்றால், எல்லா அடுக்குகளையும் சேர்த்தாலும் உண்மையாகத்தான் இருக்கும். கூம்பும் அரைக்கோளமும் சேர்ந்தால் உருளை. கூம்பு மூன்றில் ஒரு பங்கு எனில், மிச்சமுள்ள மூன்றில் இரண்டு பங்கு அரைக்கோளத்துடையது.

ஆரம் 7 செ.மீ. கொண்ட நம் எடுத்துக்காட்டில் 3 செ.மீ. உயரத்தில் வெட்டினால், கூம்பின் பரப்பு 9π, அரைக்கோளத்தின் பரப்பு 40π, உருளையின் பரப்பு 49π. மேசை மட்டத்தில் அவை 0, 49π, 49π. உச்சி மட்டத்தில் 49π, 0, 49π. கூம்பு விரிய விரிய அதே அளவுக்கு அரைக்கோளம் சுருங்கிக்கொண்டே போகிறது.

கூம்பைத் தலைகீழாக்காமல் நேராக நிறுத்திவிட்டுக் கணக்கிடுபவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். நேராக நின்றால் 3 செ.மீ. உயரத்தில் கூம்பின் ஆரம் 4, பரப்பு 16π. அதோடு 40π-ஐக் கூட்டினால் 56π வரும். உருளையின் 49π-ஐ விட அதிகம். 5 செ.மீ. உயரத்தில் 4π-உம் 24π-உம் சேர்ந்து 28π, இப்போது குறைவு. மொத்தக் கனஅளவு மாறப்போவதில்லை என்றாலும், அடுக்குக்கு அடுக்குச் சமம் காட்டும் வழி அடைபட்டுவிடும்.

## 8. கூம்பின் மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது

மேலே ஏற்றுக்கொண்ட ஒன்றையும் ஆராயாமல் விட மனம் இல்லை. தலைகீழாக நிற்கும் அதே கூம்பை, சம தடிமன் கொண்ட 10 அடுக்குகளாகப் பிரிப்போம். ஒவ்வோர் அடுக்கையும் ஒரு தட்டையான வட்டத் தகடாகக் கருதி, அதன் மேல்விளிம்பின் ஆரத்தையே தகட்டின் ஆரமாகக் கொள்வோம். அப்போது தகடுகளின் ஆரங்கள் 1, 2, 3 என்று தொடங்கி 10 வரை செல்லும் விகிதத்தில் இருக்கும். பரப்புகள் 1, 4, 9 என்று தொடங்கி 100 வரை வர்க்கங்களாக ஏறும். இவற்றின் கூடுதல் 385. உருளையில் பத்துத் தகடுகளும் 100 வீதம் இருப்பதால் அதன் கூடுதல் 1000. ஆக, கூம்பு உருளையில் 0.385 பங்கு என்று வருகிறது.

இது மெய்யான மதிப்பைவிடச் சற்று அதிகம். ஏனெனில் ஒவ்வொரு தகடும் கூம்புக்கு வெளியே சிறிது நீட்டிக்கொண்டிருக்கிறது. மேல்விளிம்புக்குப் பதிலாகக் கீழ்விளிம்பின் ஆரத்தைக் கொண்டால் 0.285 வரும்; அது குறைவு. உண்மை இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அடுக்குகளை 100 ஆக்கினால் அந்த இரு மதிப்புகளும் 0.33835 என்றும் 0.32835 என்றும் நெருங்கிவிடுகின்றன. அடுக்குகள் கூடக்கூட இரண்டு பக்கத்திலிருந்தும் அவை நெருக்கிப் பிடிக்கும் ஒரே எண் 1/3.

## 9. செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு: எந்தப் பாத்திரம் முதலில்?

மூன்று வடிவங்களையும் செய்து, உலர்ந்த மணலை ஊற்றிப் பார்ப்பது வழக்கமான செயல்முறை. ஆனால் பலர் உருளையை முதலில் செய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் அரைக்கோளத்தைத் தேடி அலைகிறார்கள். வரிசையைத் திருப்ப வேண்டும். அட்டையில் உருளையும் கூம்பும் எந்த அளவிலும் செய்யலாம். அரைக்கோளத்தைச் செய்ய முடியாது, உள்ளீடற்ற ஒரு பந்தைப் பாதியாக வெட்டித்தான் பெற முடியும். ஆகவே முதலில் பந்து, பிறகு அதன் அளவுக்கு மற்ற இரண்டு.

வெட்டிய பாதியின் உட்புற விட்டத்தையும் உட்புற ஆழத்தையும் அளக்க வேண்டும். ஆழம் விட்டத்தில் சரிபாதியாக இருந்தால்தான் அது அரைக்கோளம். வெளிப்புறத்தை அளந்தால் பந்தின் சுவர்த் தடிமனும் கணக்கில் சேர்ந்துவிடும். உட்புற ஆரம் 7 செ.மீ. என்று கொள்வோம்.

உருளைக்கு 44 செ.மீ. நீளமும் 7 செ.மீ. அகலமும் கொண்ட அட்டைப் பட்டையும், ஒட்டுவதற்கு ஓரத்தில் கூடுதலாக ஒரு செ.மீ.யும் போதும். கூம்புக்குத்தான் கவனம் தேவை. அதன் சாயுயரம் 7√2, அதாவது ஏறத்தாழ 9.9 செ.மீ. அந்த ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, பாகைமானியால் 254.6 பாகை கொண்ட வட்டக்கோணப்பகுதியை அளந்து, ஒட்டும் ஓரத்தையும் விட்டு, வெட்டிச் சுருட்ட வேண்டும். கணக்கில் இடமில்லாத சாயுயரம் செய்முறையில் மட்டும் தேவைப்படுவதைக் கவனியுங்கள்.

இதற்குப் பதிலாக அரைவட்டத்தைச் சுருட்டிக் கூம்பு செய்வது எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. அரைவட்டத்தில் கிடைக்கும் கூம்பின் சாயுயரம் எப்போதும் அடிவட்ட ஆரத்தைப்போல் இரு மடங்கு. ஆரம் 7 எனில் உயரம் ஏறத்தாழ 12.1 செ.மீ. ஆகிவிடும், உருளை அத்தகைய கூம்பால் ஒன்றே முக்கால் முறைக்குள் நிரம்பிவிடும்.

அடுத்தது நிரப்பும் முறை. கூம்பை விளிம்புவரை நிரப்பாமல் அரை செ.மீ. குறைவாக நிரப்பினால் பெரிய வேறுபாடு இராது என்றுதான் தோன்றும். ஆனால் 7 செ.மீ. கூம்பில் 6.5 செ.மீ. ஆழம்வரை நிரப்பினால், ஆழமும் ஆரமும் சேர்ந்தே குறைவதால், உள்ளே இருப்பது முழு அளவில் 80 விழுக்காடு மட்டுமே. அரைக்கோளத்தில் அதே குறை 89 விழுக்காட்டையும், உருளையில் 93 விழுக்காட்டையும் மிச்சம் வைக்கிறது. கூம்பின் மணலில் பெரும்பகுதி மேல்விளிம்பின் அருகில் இருப்பதே காரணம். அரை செ.மீ. குறைந்த கூம்புகளால் உருளையை முழுமையாக நிரப்ப மூன்றுக்குப் பதிலாக ஏறத்தாழ மூன்றே முக்கால் கூம்பு தேவைப்படும். சூத்திரமே தவறோ என்று ஐயுறுவதற்கு முன், விளிம்பில் ஒரு அளவுகோலை வைத்து மணலைச் சமமாக வழித்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். ஒரு பாத்திரத்தைத் தட்டித் தட்டி நிரப்பிவிட்டு இன்னொன்றைத் தட்டாமல் நிரப்புவதும் விகிதத்தைக் கெடுக்கும். தட்டினால் மணல் அடர்ந்து அதிகமாகக் கொள்ளும்.

## 10. விகிதத்தைக் கணக்குகளில் பயன்படுத்தும்போது

விகிதம் கைவந்துவிட்டால், ஒன்றின் கனஅளவு தெரிந்தாலே மற்ற இரண்டையும் ஆரத்தைக் காணாமலே சொல்லலாம். அரைக்கோளம் 486 கன செ.மீ. என்றால் அது இரண்டு பங்கு. ஒரு பங்கு 243. ஆகவே கூம்பு 243, உருளை 729. இத்தகைய கணக்கில் ஆரத்தைக் கண்டுபிடிக்க முயன்று கனமூலத்துக்குள் சிக்கிக்கொள்பவர்கள் தேவையில்லாத தொலைவு நடக்கிறார்கள்.

இன்னொரு வகைக் கணக்கில், முழுவதும் நீர் நிரம்பிய உருளைக்குள் அதே ஆரமும் உயரமும் கொண்ட திண்மக் கூம்பு ஒன்று இறக்கப்படும். வெளியேறுவது ஒரு பங்கு; மிஞ்சும் நீர் இரண்டு பங்கு, அதாவது அதே ஆரம் கொண்ட அரைக்கோளம் கொள்ளும் அளவு. உயரம் ஆரத்துக்குச் சமமாக இல்லாவிட்டாலும் வெளியேறும் நீர் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் மிஞ்சியதை அரைக்கோளத்தோடு ஒப்பிடும் உரிமை அப்போது நமக்கு இல்லை. ஆரம் 7, உயரம் 14 எனில், இரண்டாம் படியில் பார்த்த h : 2r : 3h என்ற பொது விகிதத்துக்குத் திரும்பிச் சென்று, 14 : 14 : 42, அதாவது 1 : 1 : 3 என்று எழுத வேண்டும். ஆறாம் படியில் தவறு என்று ஒதுக்கிய அதே விடை இங்கே சரியாகிவிடுவது, கேள்வியில் உயரத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்பதைப் பொறுத்ததே.

கனஅளவின் விகிதத்தைப் பரப்புக்கு எடுத்துச் செல்லக் கூடாது. உயரமும் ஆரமும் சமமாக இருக்கும்போது கூம்பின் வளைபரப்பு √2 πr², அரைக்கோளத்தின் வளைபரப்பு 2πr², உருளையின் வளைபரப்பும் 2πr². விகிதம் 1 : √2 : √2. கனஅளவில் மூன்றுக்கு இரண்டாக இருந்த உருளையும் அரைக்கோளமும் வளைபரப்பில் சமமாகிவிடுகின்றன. கனஅளவில் ஒதுக்கிவைத்த சாயுயரம், கூம்பின் வளைபரப்பு வழியாக இங்கே மீண்டும் உள்ளே வருகிறது.